மடிப்பில் போன எண்கள்

சற்று நீண்ட பதிவு. களப்பணி முடித்துவந்து கணக்கு ஒப்படைக்கவேண்டிய நண்பர்கள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

2024 டிசம்பரில் கோலாமி மொழிக்கான களப்பணிக்காக ஆதிலாபாத் மாவட்டத்திற்குச் சென்றிருந்தேன். புறப்படும் முன் தேவையான பொருள்களை அங்கிருந்த மொத்த விற்பனைக் கடை ஒன்றில் வாங்கினேன். ரசீதை நான்காக மடித்துக் குறிப்பேட்டின் உறைக்குள் செருகிவைத்தேன். மூன்று வாரம் தோள்பையில் வியர்வையும் தூசும் பட்டுக் கிடந்த அந்தத் தாளை ஹைதராபாத்தில் விரித்தபோது, நெடுக்கு மடிப்பும் குறுக்கு மடிப்பும் இற்றுப்போயிருந்தன. மடிப்பின்மேல் அச்சாகியிருந்த எண்கள் பொடியாய் உதிர்ந்துவிட்டன. பிழை முழுவதும் என்னுடையது.

எஞ்சியதை அப்படியே எழுதிக்காட்டுகிறேன். சதுர அடைப்புக்குள் இருப்பவை காணாமற்போன இடங்கள்.

நோட்டு: எண்ணிக்கை 12, விலை [ ], மதிப்பு 540.00, வரி 12%
பேனா: எண்ணிக்கை [ ], விலை [ ], மதிப்பு 240.00, வரி 18%
மெமரி கார்டு: எண்ணிக்கை 2, விலை 474.58, மதிப்பு [ ], வரி 18%
ஹெட்போன்: எண்ணிக்கை 1, விலை 1,[ ]50.00, மதிப்பு [ ], வரி 18%

இவற்றின் கீழே வரிப் பட்டியல். 12% வரிசையில் மதிப்பு 540.00, மத்திய ஜிஎஸ்டி 32.40, மாநில ஜிஎஸ்டி 32.40 என முழுமையாக இருந்தது. 18% வரிசையில் மாநில ஜிஎஸ்டி 210.52 மட்டும் எஞ்சியிருந்தது. ரவுண்ட் ஆஃப் என்ற சொல் இருந்தது, அதற்கெதிரே தொகை இல்லை. மொத்தம் 3,3[ ]5.00. அதற்கும் கீழே, தொகை ஆங்கிலச் சொற்களில் சேதமின்றி இருந்தது: மூவாயிரத்து முந்நூற்று அறுபத்தைந்து ரூபாய் மட்டும்.

கூட்டல் பெருக்கல் தெரிந்த எவருக்கும் இது ஒரு மாலைநேரப் புதிர்தான். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எல்லா வெற்றிடங்களையும் கணக்கிட்டு, தனித்தாளில் முழு ரசீதையும் ஒரே நீல மையில் எழுதி, கிழிந்த மூலத்தோடு இணைத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் கோப்பு திரும்பி வந்தது. கணக்குப் பிரிவு அதிகாரி கேட்டது ஒரே கேள்வி: “அம்மா, இதில் நீங்கள் பார்த்து எழுதியது எது, கணக்குப் போட்டு எழுதியது எது?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. என் தாளில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. சிதைந்த கல்வெட்டின் வாசகத்தை வெளியிடும்போது, அழிந்துபோய் ஊகித்து நிரப்பிய எழுத்தைச் சதுர அடைப்புக்குள்ளும், ஐயத்திற்கிடமாக வாசித்த எழுத்தை அடியில் ஒரு புள்ளியிட்டும் காட்டவேண்டும் என்பது 1931இல் லெய்டனில் வகுக்கப்பட்ட மரபு. வகுப்பில் அதைப் படித்தவள்தான் நான். ஒரு கடை ரசீதுக்கு அது பொருந்தும் என்பது தோன்றாமற்போயிற்று.

அன்றிரவு முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று கேள்விகள். எந்த உறவிலிருந்து இதைப் பெறுகிறேன்? அந்த உறவு ஒரே விடையைத் தருகிறதா, பல விடைகளுக்கு இடம்விடுகிறதா? நிரப்பிய பிறகு அதைச் சரிபார்க்க வேறோர் உறவு மிஞ்சுகிறதா?

நோட்டின் விலையிலிருந்து தொடங்குவோம். 540ஐ 12ஆல் வகுத்தால் 45. அச்சிட்ட மதிப்பு 540.00 என்பதே முழுமையாக்கப்பட்ட தொகையாக இருக்கலாம்; அதாவது உண்மையான தொகை 539.995க்கும் 540.005க்கும் இடையில் எதுவாகவும் இருந்திருக்கலாம். இருந்தாலும் 12ஆல் வகுக்கும்போது அந்த அரைக்காசு ஐயமும் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. 45.00 தவிர வேறு விலை அச்சாகியிருக்க வழியில்லை. ரசீதில் தள்ளுபடிக்கென்று தனிப்பத்தி இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். இருந்திருந்தால் இந்த வகுத்தல் செல்லாது. 540 என்பதைச் சரியாகத்தான் வாசித்தேனா என்பதற்கு வரிப் பட்டியல் சாட்சி: 540இல் 6 விழுக்காடு 32.40. ஆகவே இந்த எண்ணை அச்சமின்றி நிரப்பலாம்.

அடுத்து 18% வரிசையின் மத்திய ஜிஎஸ்டி. ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் வரி சரிபாதியாகப் பிரிகிறது. 18 விழுக்காடு என்றால் மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9. ஒரே மதிப்பின்மீது ஒரே விகிதத்தில் கணக்கிடுவதால் இரண்டும் ஒன்றாகவே அமையும். ஆகவே இதுவும் 210.52. இங்கு ஒரு சிறு இழப்பு உண்டு. இரண்டு வரித்தொகைகளும் சேதமின்றி இருந்திருந்தால், ஒன்று மற்றொன்றின் வாசிப்பைச் சரிபார்த்திருக்கும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரப்பிவிட்ட பிறகு, ‘இரண்டும் ஒத்திருக்கின்றன பாருங்கள்’ என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. இடத்தை நிரப்புவதற்குப் பயன்பட்ட உறவு சாட்சியாக இருக்கும் தகுதியை இழந்துவிடுகிறது. இந்தப் பதிவில் சொல்ல விரும்புவது பெரும்பாலும் இது ஒன்றுதான்.

மொத்தத் தொகையில் நான் முதலில் செய்த தவறும் இதுவே. காணாமற்போன அந்தப் பத்தாமிட இலக்கத்தை, பொருள்களின் மதிப்பையும் வரியையும் கூட்டி 6 என்று கண்டுபிடித்தேன். பிறகு ‘கூட்டல் சரியாக வருகிறது’ என்று மகிழ்ந்தேன். வராமல் எப்படி இருக்கும்? கூட்டித்தானே அந்த எண்ணைப் போட்டேன்! இரண்டாம் முறை வேறு வழியில் சென்றேன். சொற்களில் எழுதிய தொகை அந்த இலக்கத்தைத் தானே சொல்லிவிடுகிறது. மொழியில் மிகைமை என்று நாம் சொல்வது இதைத்தான்: ஒரே செய்தி இரண்டு வடிவங்களில் இருந்தால் ஒன்று சிதைந்தாலும் மற்றொன்று காப்பாற்றும். அறுபத்தைந்து என்ற சொல்லிலிருந்து 6ஐ எடுத்துக்கொண்டேன். கூட்டல் செலவாகாமல் சாட்சியாக மிஞ்சியது. ஒரு வரையறை உண்டு. சொற்களில் வரும் தொகையை அதே கணினி அதே எண்ணிலிருந்துதான் உருவாக்குகிறது. எனவே தாளில் என்ன அச்சாகியிருந்தது என்பதற்கு அது சாட்சி. கடைக்காரர் சரியாகக் கூட்டினார் என்பதற்குச் சாட்சி ஆகாது.

இனி ஹெட்போன். விலையின் இரண்டாம் இலக்கம் மடிப்பில் பாதி சிக்கியிருந்தது. எஞ்சிய கோட்டைப் பார்த்தால் 1 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். ஒரு ஹெட்போன்தான் என்பதால் விலையும் மதிப்பும் ஒன்றே. 1,150 என்றால் 18% பொருள்களின் கூட்டு மதிப்பு ஏறத்தாழ 2,339. அதற்கு 9 விழுக்காடு 210 ரூபாய்க்குச் சற்று மேல். 1,750 என்றால் மதிப்பு 2,939. வரி 264 ரூபாயைத் தாண்டும். தாளில் இருப்பது 210.52. விடை 1. இங்கே கணக்கு உறுதியாகப் பேசக் காரணம், போட்டியிடும் இரண்டு வாசிப்புகளுக்கும் இடையே 600 ரூபாய் இடைவெளி இருப்பது. சில காசுகளின் ஐயம் அந்த இடைவெளியை நிரப்பாது. மொத்தத் தொகையும் 1,150க்கே ஒத்துவருகிறது. அந்தச் சாட்சியை நான் முன்பே செலவழிக்காமல் வைத்திருந்தேன்.

இதுவரை எல்லாம் நலம். மெமரி கார்டின் மதிப்பில்தான் தடுக்கியது.

474.58ஐ இரண்டால் பெருக்கினால் 949.16. முதல் தாளில் தயக்கமின்றி அதையே எழுதியிருந்தேன். இரண்டாம் முறை, வரியிலிருந்து பின்னோக்கிச் சென்று சரிபார்க்க முயன்றேன். 210.52ஐ 0.09ஆல் வகுத்தால் 2,339.11 வருகிறது. அதிலிருந்து பேனாவின் 240ஐயும் ஹெட்போனின் 1,150ஐயும் கழித்தால் 949.11. ஐந்து காசு இடிக்கிறது!

எங்கே தவறு என்று நெடுநேரம் தேடினேன். தவறு எங்கும் இல்லை. 210.52 என்பது முழுமையாக்கப்பட்ட எண், 210.515 முதல் 210.525க்குச் சற்றுக் கீழ்வரை எதுவாக இருந்தாலும் அப்படித்தான் அச்சாகும். 0.09ஆல் வகுக்கும்போது இந்த ஒரு காசு இடைவெளி பதினொரு காசாக விரிகிறது. மதிப்பு 2,339.06 முதல் 2,339.16 வரை எதுவாக இருந்தாலும் வரி 210.52தான். நோட்டு விலையில் வகுத்தல் ஐயத்தைச் சுருக்கியது. இங்கே அதே வகுத்தல் ஐயத்தைப் பெருக்குகிறது. ஒன்றைவிடப் பெரிய எண்ணால் வகுத்தால் சுருங்கும், சிறிய எண்ணால் வகுத்தால் விரியும். வரியிலிருந்து மதிப்பை மீட்பவர்கள் ஒரே எண்ணை அல்ல, ஓர் எல்லையைத்தான் பெறுகிறார்கள். 2,339.11 என்பது அந்த எல்லையின் நடுப்புள்ளி; அதற்கு வேறு சிறப்பு எதுவும் இல்லை.

சரி, எல்லைக்குள் 949.16 அடங்குகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமா? விலையையும் ஐயத்தோடு பார்க்கவேண்டும். 474.58 என்பதும் முழுமையாக்கப்பட்டதாக இருக்கலாம். உண்மையான விலை 474.575 முதல் 474.585 வரை இருந்தால், இரண்டு கார்டுகளின் மதிப்பு 949.15, 949.16, 949.17 ஆகிய மூன்றில் ஒன்று. வரி தந்த எல்லை 949.17ஐ விலக்குகிறது. மற்ற இரண்டும் நிற்கின்றன. மொத்தத் தொகையைக் கேட்டேன். 949.15 என்றால் எல்லாம் சேர்ந்து 3,364.99, ஒரு காசு ரவுண்ட் ஆஃப் சேர்த்து 3,365. 949.16 என்றால் நேராக 3,365.00; ரவுண்ட் ஆஃப் சுழியம். ரவுண்ட் ஆஃப் தொகை இருந்திருந்தால் வழக்கு முடிந்திருக்கும். அதுவும் மடிப்பில் போயிற்று. ஆக, காணாமற்போன இரண்டு எண்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு இணைகளும் தாளில் உள்ள எல்லாவற்றோடும் ஒத்துப்போகின்றன. கணக்கின் எல்லை இதுதான். புதிய தாளில் ‘949.15 அல்லது 949.16’ என்று எழுதினேன். ஒரு காசுக்கு இவ்வளவா என்று சிரிக்கலாம். எந்த அலுவலகமும் ஒரு காசுக்காகக் கோப்பைத் திருப்பாது. ஆனால் அந்த ஒரு காசில்தான், எனக்குத் தெரிந்ததும் நான் தெரிந்ததாக நினைத்துக்கொண்டதும் பிரிந்து தெரிந்தன.

பேனா வரிசையில் அந்தப் பிரிவு ஒரு காசோடு நிற்கவில்லை.

எண்ணிக்கையும் விலையும் போய், மதிப்பு 240.00 மட்டும் இருந்தது. ஓர் உறவு, இரண்டு வெற்றிடங்கள். 12 பேனா 20 ரூபாய்; 16 பேனா 15 ரூபாய்; 20 பேனா 12 ரூபாய்; 24 பேனா 10 ரூபாய்; 30 பேனா 8 ரூபாய். எல்லாம் 240தான். வரியோ மொத்தமோ இதில் உதவாது, ஏனெனில் அவை பெருக்கல் முடிந்த பிறகான தொகையிலிருந்தே தொடங்குகின்றன. பெருக்கத்தைப் பார்த்துக் காரணிகளைச் சொல்ல எந்தக் கணக்காலும் இயலாது. முதல் தாளில் நான் 24 என்றும் 10.00 என்றும் எழுதியிருந்தேன். எங்கிருந்து வந்தது 24? இரண்டு பெட்டி வாங்கியது நினைவிருந்தது. பெட்டிக்கு ஒரு டஜன் என்று மனம் தானாகச் சேர்த்துக்கொண்டது. 10 ரூபாய் என்ற உருண்டையான விலை அதற்கு ஒத்து ஊதியது. கணக்கின் வேடத்தில் நினைவு உள்ளே நுழைந்துவிட்டது.

மறுநாள் இரண்டாம் தாளோடு சென்றபோது அதிகாரி அதைப் படித்துவிட்டு மேசையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். மொழித் தகவலாளிகளுக்கு நோட்டும் பேனாவும் கொடுத்தபோது என்னுடன் வந்த இளநிலை ஆய்வாளர் கையொப்பம் வாங்கி வைத்திருந்த விநியோகப் பட்டியல் அது. நோட்டு 12, பேனா 20. மீதம் என்று எதுவும் குறிக்கப்படவில்லை.

“போன தாளில் 24 என்று இருந்தது. அதை ஏற்றுக்கொண்டு இருப்புப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால், நான்கு பேனா எங்கே என்று தணிக்கையில் உங்களைத்தான் கேட்பார்கள்.”

நாற்பது ரூபாய்ப் பொருள். ஆனால் வாங்கியதைவிட அதிகமாகக் கணக்கு காட்டினார் என்ற குறிப்பு ஓர் ஆய்வாளரின் கோப்பில் ஏறினால் அதன் விலை நாற்பது ரூபாயன்று. என் இரண்டாம் தாளில் அந்த இரண்டு இடங்களும் வெறுமையாக, ‘பெருக்கம் 240; பிரிக்க இயலாது’ என்ற குறிப்போடு இருந்தன. அந்த வெறுமைதான் என்னைக் காப்பாற்றியது.

அதே கோப்பில் கையால் எழுதிய ஜீப் ரசீதும் ஒன்று இருந்தது. வாடகை 1,800, டீசல் தொகையில் கிழிசல், ஓட்டுநர் படி 300, மொத்தம் 3,000. கழித்தால் டீசல் 900. ஐயமே இல்லாத கணக்கு. ஆனால் பெட்ரோல் பங்க் தந்த சீட்டு பையிலேயே இருந்தது: 950. மூன்றையும் கூட்டினால் 3,050 வருகிறது. ஓட்டுநர் ஐம்பதை விட்டுக்கொடுத்து உருண்டையாக 3,000 எழுதியிருக்கிறார். கழித்தல் என்பது மூல ரசீது சரியாகக் கூட்டப்பட்டது என்ற நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அச்சு ரசீதில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் நியாயமானது. கையெழுத்து ரசீதில் அப்படியில்லை. 900 என்று நிரப்பியிருந்தால் ஓட்டுநரின் பெருந்தன்மையும் மறைந்திருக்கும், எரிபொருள் கணக்கும் பிழையாகியிருக்கும்.

மொழியியல் நண்பர்களுக்கு இதில் ஒரு பழைய கதை நினைவுக்கு வரலாம். கிரீட் தீவின் ‘லீனியர் ஏ’ எழுத்து இன்னும் படித்தறியப்படவில்லை. ஆனாலும் அதன் களிமண் பலகைகளில் ‘கு-ரோ’ என்று வாசிக்கப்படும் சொல்லுக்கு ‘மொத்தம்’ என்று பொருள் கொள்கிறார்கள். மேலே உள்ள எண்களைக் கூட்டினால் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலுள்ள எண் வருவதே காரணம். மொழி தெரியாமலே கணக்கு ஒரு சொல்லுக்குப் பொருள் தந்தது. அதே பலகைகளில் சிலவற்றின் கூட்டல் சற்றே பிசகுகிறது என்பதும் நமக்குத் தெரியும். அவற்றில் எண்கள் சேதமின்றி இருந்ததால்தான் அந்தப் பிசகு தெரிகிறது. உடைந்த இடத்தைக் கூட்டலைக் கொண்டு நிரப்பிய பலகையில் எழுத்தரின் பிழையை இனி எவராலும் காணமுடியாது.

வரி விகிதத்தைப் பற்றியும் ஒரு சொல். என் ரசீதில் விகிதங்கள் தப்பிப் பிழைத்தன. உங்கள் ரசீதில் அவையும் போயிருந்தால், இன்றைய விகிதத்தைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் மாறின. அன்று 12 விழுக்காட்டில் இருந்த நோட்டுக்கு இப்போது வரியே இல்லை. முதலில் தேதி, பிறகுதான் விகிதம். தேதியும் ரசீது எண்ணும் எந்தக் கூட்டலிலும் பங்கேற்பதில்லை என்பதால் அவற்றைக் கணக்கால் மீட்க வழியே கிடையாது.

பத்து நாள் கழித்துக் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ரசீதின் நகலை அனுப்பினார். ரசீதில் இருந்த தொலைபேசி எண் முழுமையாக இருந்ததை முதல் நாளே கவனித்திருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிராது. பேனா 20, விலை 12.00, பத்து பேனா கொண்ட பெட்டி இரண்டு. ஹெட்போன் 1,150.00. மெமரி கார்டின் மதிப்பு 949.15, ரவுண்ட் ஆஃப் 0.01. அப்போதுதான் நினைவுக்கு வந்தது: கார்டுக்கு நான் பேரம் பேசியிருந்தேன், வரியெல்லாம் சேர்த்து ஒன்று 560 ரூபாய் என்று முடிந்தது. இரண்டுக்கு 1,120, அதை 1.18ஆல் வகுத்தால் 949.15. ஒன்றின் விலையைத் தனியே வகுத்து முழுமையாக்கினால் 474.58. அச்சிட்ட விலையை இரண்டால் பெருக்கியவள் ஒரு காசு தவறியிருப்பாள்.

நகல் வந்த பிறகும் அந்த இரண்டாம் தாளைக் கோப்பிலிருந்து எடுக்கவேண்டாம் என்று அதிகாரி சொன்னார். கிழிந்த ரசீது, அதன்மேல் ஒரு கோடுகூட இடப்படவில்லை. தனித்தாளில் வாசித்தவை அடைப்பின்றி, கணக்கிட்டவை அடைப்புக்குள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த உறவிலிருந்து பெற்றது என்ற ஒருவரிக் குறிப்பு, மீட்க இயலாதவை வெறுமையாக. மூன்றும் ஒன்றாகத் தைக்கப்பட்டு இருக்கின்றன. இப்போது களத்தில் கடையை விட்டு வெளியேறும் முன்பே ரசீதை ஒரு படம் எடுத்துவிடுகிறேன். மடிப்பதாக இருந்தால் எண்கள் இல்லாத இடமாகப் பார்த்து மடிக்கிறேன்.